வசதியான ஒரு நாளில்

அமைச்சர் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவர் அவர். 'குப்பை கொட்டினேன்' என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாராவது சொன்னால் முகம் சுண்டிப்போகும். அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். திரைச்சீலையின் நிறம் மாறியது, சுவரில் தொங்கிய படம் மாறியது, இவர் நாற்காலி மட்டும் மாறவில்லை. வருகிற கடிதங்களைப் படித்து, யாரை அமைச்சர் பார்க்க வேண்டும், யாரைத் துறைக்குத் திருப்பிவிடலாம், யாருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம் என்று பிரிப்பது அவர் வேலை. அவர் எழுதிவைக்கும் குறிப்பு எதுவும் நாலு வரியைத் தாண்டாது. அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'நாலுவரி' என்று பெயர் விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவரும் அதை விட விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

நாலுவரிக்குக் கண்டாலே ஆகாத வார்த்தை ஒன்று இருந்தது. 'அவசரம்'. அந்தக் காலத்தில் பத்துக் கடிதம் வந்தால் எட்டில் 'மிக மிக அவசரம்' என்று சிவப்பு மையில் கோடு போட்டிருக்கும். பக்கத்து வீட்டு மரக்கிளை தன் மாடிப்பக்கம் நீண்டுவிட்டது என்பவருக்கும் அவசரம், தான் எழுதிய புத்தகத்தை அமைச்சர் வெளியிட வேண்டும் என்பவருக்கும் அவசரம். அப்படிப்பட்ட கடிதங்களை எல்லாம் இவர் ஒரு தனி அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தார். அதற்கு 'தீயணைப்பு நிலையம்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். வாரக் கடைசியில் அதை ஒரு தடவை புரட்டுவார். பெரும்பாலும் சிரிப்பதற்காக.

"விஷயம் இருக்கிறவன் கத்த மாட்டான். கத்துறவன்கிட்ட விஷயம் இருக்காது" என்பார். இந்த வேதவாக்கை வீட்டில் எல்லோரும் காது புளிக்கக் கேட்டிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவர் மகள் சாப்பிடக்கூட உட்காராமல் வந்து நின்றாள். காது கேளாத சின்னக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பழக்கும் மையம் ஒன்றை அவள் நடத்தி வந்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், அரசுக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் மூன்று அறைகள். சுவர் முழுக்கக் கெட்டியான கம்பளி ஒட்டி, தரையில் பாய் விரித்து, ஜன்னலுக்கு இரட்டைக் கதவு போட்டு, சத்தம் உள்ளே வராதபடி அவளே பார்த்துப் பார்த்துச் செய்த அறைகள். காதில் கருவி மாட்டிய குழந்தைக்கு எல்லாச் சத்தமும் ஒரே அளவில்தான் வந்து மோதும்; அம்மாவின் குரலை அதிலிருந்து பிரித்தெடுக்கக் கற்றுக்கொள்ள முதலில் அமைதி வேண்டும். அந்த அமைதியைச் சேர்க்க அவளுக்குப் பல வருடம் ஆனது.

"அப்பா, நம்ம இடத்தை எடுத்துக்கப் போறாங்க" என்றாள்.

"யாரு?"

"கட்டடத் துறையே. அவங்க பழைய கோப்பெல்லாம் வைக்க இடம் இல்லையாம். நம்ம மூணு ரூமும் அதுக்கு. நமக்கு ஊர்க் கோடியில வேற இடம் தர்றாங்களாம். நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன். ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே தகரப் பட்டறை. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அடி அடின்னு அடிக்கிறான். அங்க நான் எந்தக் குழந்தைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது?"

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் நல்ல மனுஷர். கோப்பு மேலே போய்விட்டதாகவும், வெள்ளிக்கிழமை அது அமைச்சர் மேஜைக்குக் கையெழுத்துக்கு வரும் என்றும் அவர்தான் காதோடு காதாகச் சொல்லியிருந்தார். கையெழுத்தாகி ஆணை வெளியாகிவிட்டால் அதை ரத்துச் செய்ய இன்னொரு ஆணை வேண்டும். அதற்கு நிதித்துறை வரைக்கும் போய்வர வேண்டும். யாரும் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள். கையெழுத்துக்கு முன்னால் என்றால், 'நிறுத்திவை, மறுபடி பார்க்கலாம்' என்று அமைச்சர் ஒரு வரி எழுதினால் போதும்.

"அதனால வெள்ளிக்கு முன்னாடி அவரைப் பார்த்தாகணும். லெட்டர் எழுதிக் கொண்டுவந்திருக்கேன், பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

நாலுவரி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் அப்போது ஒரு களை வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற மனிதனிடம் யாராவது அவன் தொழிலைப் பற்றிக் கேட்டால் வருகிற களை அது.

மகள் எழுதியிருந்தது இதுதான். மையத்தின் இடம் வேறு அலுவலகத்துக்கு ஒதுக்கப்படும் கோப்பு வெள்ளிக்கிழமை தங்கள் கையெழுத்துக்கு வருகிறது. அதற்குமுன் பத்து நிமிடம் தங்களைச் சந்திக்க அனுமதி வேண்டும். புதிய இடத்தின் சத்தத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி தர இயலாது என்பதை விளக்க வருகிறோம். மிகவும் அவசரம், வெள்ளிக்குப் பிறகு சந்தித்துப் பயனில்லை. நானும் ஒரு தாயும் என இருவர் வருவோம். கீழே கைபேசி எண்.

நாலுவரி படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"என்ன பாப்பா இது, அமைச்சருக்கே கெடு வைக்கிறே?"

"கெடு இல்லப்பா. உண்மை அதானே?"

"உண்மைதான். ஆனா 'பயனில்லை'ன்னு ஒரு அமைச்சர்கிட்ட சொல்லலாமா? உன்னைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லைன்னு சொல்ற மாதிரி இல்ல இருக்கு? அப்புறம் கோப்பு எப்போ வருதுன்னு உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்க. அந்த இன்ஜினியர் தலை உருளும். அதை எடு." 'வெள்ளிக்கிழமை' மீது ஒரு கோடு விழுந்தது. "அப்புறம் இந்த 'மிகவும் அவசரம்'. இதைப் பார்த்ததும் தூக்கித் தனியா வெச்சிடுவான். நானே அப்படி எத்தனை வெச்சிருக்கேன்!"

அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, அழுத பிள்ளைதாங்க பால் குடிக்கும். அவ அழறதை அழட்டுமே."

"உனக்கு அந்த ஆபீஸைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்களைத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

பொறியாளரைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. அந்த ஒரு நியாயத்தின் முதுகில் ஏறி மற்ற எல்லாமும் உள்ளே வந்துவிட்டது. 'வியாழக்கிழமைக்குள்' என்று மட்டும் எழுதியிருந்தால்கூடப் பொறியாளருக்கு ஒரு சேதமும் வந்திருக்காது. அது அவருக்குத் தோன்றவில்லை. அவர் கை தன்பாட்டுக்கு அழகாக எழுதிக்கொண்டு போனது.

முடித்தபோது சரியாக நாலு வரி. காது கேளாத குழந்தைகளுக்கான எங்கள் மையத்தின் பணிகளையும், இடம் தொடர்பான நிலையையும் நேரில் எடுத்துரைக்க விரும்புகிறோம். தங்களுக்கு வசதியான ஒரு நாளில் பத்து நிமிடம் ஒதுக்கித் தர வேண்டுகிறோம். இருவர் வருவோம். நன்றி.

மகள் அதை இரண்டு தடவை படித்தாள். "நல்லாத்தான்பா இருக்கு. ஆனா இதுல வெள்ளிக்கிழமையைக் காணோமே."

"இடம் தொடர்பான நிலைன்னு இருக்குல்ல? படிக்கிறவன் அதைப் பிடிச்சுக்குவான். நான் அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தவன் பாப்பா. இப்படி ஒரு லெட்டர் வந்தா நானே துறைக்குப் போன் போட்டு, இடத்துல என்ன பிரச்சினைன்னு கேட்டிருப்பேன். அன்னைக்கே கூப்பிட்டிருப்பேன்."

அது பொய்யில்லை. அவர் அப்படிச் செய்திருப்பார்தான். மகளுக்கும் அது தெரியும். அந்த மனிதரை நம்பித்தான் அவள் தலையாட்டினாள். மூன்று அறைகளையும், அவற்றில் பாய்மேல் உட்கார்ந்து 'அ', 'அ' என்று வாயைத் திறக்கும் இருபது குழந்தைகளையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினாள்.

மறுநாள் 'தங்கள் கடிதம் பெறப்பட்டது' என்று ஒரு வரி பதில் வந்தது. அது இயந்திரம் அனுப்புகிற பதில். செவ்வாய் சாயங்காலம் மகள் போனில் கேட்டாள்: "அப்பா, ஒரு போன் பண்ணிக் கேட்கட்டுமா? உங்க பழைய தம்பிதானே இப்போ அங்க தனிச்செயலாளர்?"

நாலுவரியிடம் வேலை கற்றுக்கொண்டவன் அந்தத் தம்பி. இப்போது அமைச்சரின் தனிச்செயலாளராக இவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"வேண்டாம். சிபாரிசுன்னு ஆகிடும். என் பொண்ணுன்னு தெரிஞ்சு அவன் கூப்பிட்டான்னு நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. லெட்டர் தன் காலால நடந்து போகட்டும்."

நடந்துதான் போனது அது. மெதுவாக.

புதன்கிழமை மத்தியானம் பதில் வந்தது. மகள் அதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது குரலில் முதலில் சந்தோஷம் இருந்தது. 'மாண்புமிகு அமைச்சர் அவர்கள் தங்களைச் சந்திக்க இசைவு தெரிவித்துள்ளார். வரும் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி.' வாசித்து முடித்துவிட்டு அவள் தேதியை மறுபடி பார்த்தாள்.

"செவ்வாய்ன்னா, வெள்ளி போய் அடுத்த செவ்வாய்பா."

"தெரியுது" என்றார்.

வியாழக்கிழமை காலையில் அவரே கிளம்பிப் போனார். சிபாரிசு, மரியாதை எல்லாம் சட்டைப்பையிலிருந்து விழுந்துவிட்டன. காவலாளி புது ஆள்; இவரை அடையாளம் தெரியாமல் வருகையாளர் அட்டையில் பெயர் எழுதச் சொன்னான். எழுதினார். பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. இத்தனை வருடத்தில் அவர் அந்த அறையைக் கடந்து போயிருக்கிறார், அதில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் எதிரே கடிகாரமும் மூடிய கதவும் மட்டும்தான் தெரியும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

பழைய தம்பி ஊரில் இல்லை, அமைச்சரோடு சுற்றுப்பயணம். அமைச்சரின் சந்திப்பு நேரங்களைக் கவனிக்கும் பெண் ஒருத்திதான் அவரை உள்ளே கூப்பிட்டாள். தலையில் மாட்டிப் பேசும் கருவி, மேஜையில் இரண்டு கணினித் திரை. தன்மையான பெண். பழைய தனிச்செயலாளர் என்றதும் எழுந்து நின்றாள்.

"சார், நாலுவரி சார்னா நீங்களா? உங்களைப் பத்தி எவ்வளவோ சொல்வாங்க!"

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் திரையைத் தட்டிக் கடிதத்தை எடுத்தாள். எடுத்ததும் முகம் மலர்ந்தது.

"இதுவா சார்? இந்த லெட்டர் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரொம்ப அழகா இருந்துச்சு. புதுசா சேர்ந்த ரெண்டு பேருக்குக்கூடக் காட்டினேன், கேட்டா இப்படிக் கேட்கணும்னு."

"அப்போ ஏன்மா செவ்வாய்க்குப் போட்டீங்க?"

"அவசரம் ஒண்ணும் இல்லையே சார்" என்றாள் அவள், குழந்தையைப் போல. "இப்போ ஒரு நாளைக்கு முந்நூறு வருது. நாங்க படிக்கும்போதே மூணு விஷயம்தான் பதிவு பண்ணுவோம். எதுக்கு வர்றாங்க, எத்தனை பேர், எந்தத் தேதிக்குள்ள. தேதி இருந்தா அன்னைக்கே தனிச்செயலாளர் மேஜைக்குப் போயிடும். அவர் துறையில விசாரிச்சு, நியாயம்னா இடையில நுழைச்சு விடுவார். தேதி இல்லைன்னா அடுத்த காலி நேரம். உங்க லெட்டர்ல 'வசதியான ஒரு நாளில்'னு இருந்துச்சு. சரி, நிதானமா வருவாங்கன்னு செவ்வாய்ல போட்டேன். அதுவே சீக்கிரம் சார். குழந்தைங்க விஷயமாச்சேன்னு முன்னாடி தள்ளிவிட்டேன்."

அவள் திரையில் பக்கத்துக் கடிதம் ஒன்று தெரிந்தது. பேருந்து நிலையத்துப் பூக்கடைக்காரர்கள் எழுதியது. எழுத்தெல்லாம் கோணல்மாணல். 'ஐயா வியாழன் காலையில கடைய இடிக்க வர்றாங்க அதுக்கு முன்னாடி பாக்கணும் ஐயா அப்புறம் பாத்து என்ன ஐயா'. அதன் எதிரே, புதன்கிழமை மாலை, சந்திப்பு முடிந்தது என்று பச்சையில் குறித்திருந்தது.

நாலுவரி அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் காலமாக இருந்தால் அந்தக் கடிதம் தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போயிருக்கும். வாரக் கடைசியில் அவர் அதைப் புரட்டும்போது கடைகள் இருந்திருக்காது. எத்தனை பேருக்கு அப்படி ஆகியிருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. அதை அவரால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இன்னைக்கு மாத்த முடியுமாம்மா? நாளைக்குக் காலையில? ரெண்டே நிமிஷம்?"

அவள் உடனே போனை எடுத்தாள். தம்பியைப் பிடிக்கப் பார்த்தாள். மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள், இணைப்பு அறுந்து அறுந்து போனது. செய்தி அனுப்பினாள். துறைக்குப் போன் போட்டாள். கோப்பு காலையிலேயே சுற்றுப்பயணப் பெட்டியில் போய்விட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை அமைச்சர் அலுவலகத்துக்கு வரவில்லை என்றும், வெள்ளிக்கு உரிய கோப்புகளை இன்றே விருந்தினர் மாளிகையில் பார்த்து முடித்துவிடுவார் என்றும் சொன்னார்கள்.

"திங்கட்கிழமையே சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமை காலையிலயே பார்த்திருக்கலாம் சார். அன்னைக்கு அரை மணி நேரம் சும்மாத்தான் இருந்தார்" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை; அவளுக்கு நிஜமாகவே வருத்தம். அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஆணை கையெழுத்தானது.

இருந்தும் செவ்வாய்க்கிழமை போனார்கள். கொடுத்த நேரத்துக்குப் போகாமல் இருப்பது மரியாதையில்லை என்று நாலுவரி சொல்லவில்லை, அதைச் சொல்லும் வாய் அவருக்கு இல்லை. மகள்தான் "போய்ட்டு வந்துடலாம்பா, நீங்களும் வாங்க" என்றாள். கூட வரவேண்டிய தாய் வரவில்லை. ஊர்க்கோடிக்கு இரண்டு பேருந்து மாறி, தோளில் பிள்ளையோடு இரண்டு மாடி ஏறிப் பயிற்சிக்கு வரத் தன்னால் முடியாது என்று அவள் முந்தின நாளே சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு அப்போதுதான் 'ம்மா' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்திருந்தது.

அமைச்சர் களைத்திருந்தாலும் நன்றாகவே கேட்டார். பட்டறைச் சத்தம், காதுக் கருவி, கம்பளி ஒட்டிய சுவர், எல்லாம். மகள் பேசப் பேச அவர் முகம் மாறியது. பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் கோப்புல போன வாரம் நான் கையெழுத்துப் போட்டுட்டேனே."

"ஆமாங்க ஐயா. வியாழக்கிழமை."

"அதுல குழந்தைங்கன்னு ஒரு வார்த்தை இல்லையேப்பா. 'தனியார் அமைப்பின் வசம் உள்ள மூன்று அறைகள்'னுதான் இருந்துச்சு." மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு நாள் முந்தி வந்திருந்தாக்கூட நிறுத்தி வெச்சிருப்பேனே. ஆணை வெளியாகி, அலமாரி வாங்கப் பணமும் ஒதுக்கிட்டாங்க. இனிமே நான் மாத்தினா நிதித்துறை என்னைக் கேள்வி கேட்கும். கடிதத்துல ஏன் அவசரம்னு போடலை?"

தம்பி பேனாவை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்தான். கடிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது யார் கை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். நாலு வரி எழுத அவனுக்குக் கற்றுக்கொடுத்த கை. நான்தான் எழுதினேன் ஐயா என்று சொல்ல நாலுவரிக்கு ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை இழுத்தார். அதே அறை, அதே ஜன்னல், அவர் நின்ற இடத்தில் தம்பி. இழுத்த மூச்சை அப்படியே வெளியே விட்டார்.

"எங்களுக்கு இந்த மாதிரி எழுதிப் பழக்கமில்லைங்க ஐயா. நான்தான் தெரியாம எழுதிட்டேன்" என்றாள் மகள்.

அமைச்சர் "அடடா" என்றார். நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். பட்டறையின் விஷயத்தைப் பார்க்கச் சொல்வதாகவும், வேறு இடம் காலியானால் முதலில் இவர்களுக்குத்தான் என்றும் சொன்னார். தம்பி எழுதிக்கொண்டான். அதற்குள் அடுத்தவர் கதவருகே வந்துவிட்டார். நாலுவரி வாயைத் திறந்தபோது அமைச்சர் எழுந்து கைகூப்பிவிட்டார்.

வெளியே வெயில் கொளுத்தியது. பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் கேட்டார்:

"ஏன் பாப்பா அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"நீ எழுதினேன்னு."

"உங்களுக்கு அங்க ஒரு பேர் இருக்குப்பா. அதுவாவது இருக்கட்டும்னுதான்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவருக்கு அழுகை வந்தது. அறுபத்தாறு வயதில் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுவது எப்படி என்று தெரியாததால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்புப் பண்ணிட்டேன் பாப்பா" என்றார். "பேசியிருக்கணும். உள்ளயாவது பேசியிருக்கணும்." அவள் அவர் முழங்கைமேல் கை வைத்தாள். ஒன்றும் இல்லை என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிடக் கூடாதா என்று அவருக்கு இருந்தது.

பிறகு அவள் கைபேசியை எடுத்து விரலால் தட்ட ஆரம்பித்தாள். முகத்தைச் சுளித்து, உதட்டைக் கடித்து, வேகவேகமாக.

"என்ன எழுதுறே?"

"அமைச்சர் ஆபீஸுக்குத்தான். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லியிருக்காங்கல்ல. அதுக்குள்ள பட்டறை இல்லாத வேற ரூம் எதையாவது காட்டணும்னு. முடியாட்டி இருபது குழந்தைக்கும் அன்னைக்கோட பயிற்சி நின்னுடும்னு."

பள்ளிக்கூடத்தில் எழுதிய கட்டுரையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அவள் எதை எழுதினாலும் அவரிடம் காட்டாமல் விட்டதில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையை அவள் பக்கம் நீட்டினார்.

"கொடு, ஒரு தடவை பார்த்துடறேன்."

"அனுப்பிட்டேன்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடியே, சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.